விமானச் சரக்குக் கொட்டேஷனைச் சரிபார்ப்பது எப்படி: ஐந்து அட்டைப்பெட்டிகளின் கணக்கு

மூதூர்ப் பக்கத்தில் முடைந்த பனையோலைக் கூடைகளை டொரன்டோவில் உள்ள ஒரு கடைக்கு அனுப்புவதற்காகச் சரக்கு முகவர் ஒருவரிடம் விலை கேட்டிருந்தோம். வந்த கொட்டேஷனில் 115 கிலோ, கிலோவுக்கு 880 ரூபாய், மொத்தம் 101,200 ரூபாய் என்று இருந்தது. தராசில் ஐந்து பெட்டிகளும் சேர்ந்து 57 கிலோதான். "இரண்டு மடங்காகப் போட்டிருக்கிறார்களே, இது என்ன கொள்ளை?" என்று அக்கா கொதித்தார். கொள்ளை இல்லை. ஆனாலும் சரியான கேள்விகளைக் கேட்டதும் அதே சரக்குக்கான கட்டணம் 88,000 ரூபாய்க்கு இறங்கியது. அது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. கிலோ விலைகளைக் கணக்குப் புரிவதற்காக முழு எண்ணாக்கியிருக்கிறேன். உங்கள் முகவரின் விலை வேறாக இருக்கும், கணக்கின் வழி மாறாது.

கூடை, பஞ்சுத் தலையணை போன்ற சரக்கு விமானத்தில் ஏறினால் பாரம் எட்டுவதற்கு முன்பே இடம் நிரம்பிவிடும். அதனால் பெட்டி அடைக்கும் இடத்தையும் கிலோவாக மாற்றிப் பார்க்கிறார்கள். அதுதான் கொட்டேஷனில் வொலியுமெட்ரிக் வெயிட் என்று வரும் கனவளவு நிறை. தராசு காட்டும் நிறை, கனவளவு நிறை இரண்டில் எது கூடவோ அதற்கே பணம். அந்தக் கூடிய எண்ணே கட்டணத்துக்குரிய நிறை.

1. நிரப்பிய பெட்டியை அளக்கவும்

பெட்டி வாங்கும்போது அதன் மேல் அச்சிட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள். கூடைகளை அடைத்து மூடியபின் மேல்பக்கம் உப்பும், பக்கங்கள் வயிறு தள்ளும். விமான நிலையச் சரக்குக் கூடத்தில் மிகவும் புடைத்த இடத்தைத்தான் அளப்பார்கள். எங்கள் பெட்டி கடையில் 60 × 40 × 40 சென்டிமீட்டர். நிரப்பி, ஒட்டுநாடா சுற்றியபின் 62 × 42 × 44. தையற்காரரின் துணி நாடா வேண்டாம், அது வளைந்து பொய் சொல்லும். தச்சர் வைத்திருக்கும் இரும்பு அளவு நாடாதான் சரி.

2. எந்த எண்ணால் வகுத்தார்கள்?

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஒரு வகுத்தியால் வகுத்தால் கிலோ வரும். விமானச் சரக்கில் வழமையான வகுத்தி 6000. சர்வதேசக் கூரியர் சேவைகளில் பெரும்பாலும் 5000. வகுத்தி சிறிதானால் நிறை கூடும். இந்த இரண்டுக்கும் இடையில் அப்படியே ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம்.

எங்கள் ஒரு பெட்டி 62 × 42 × 44 = 114,576 கன சென்டிமீட்டர். ஐந்தும் சேர்ந்து 572,880. இதை 5000ஆல் வகுத்தால் 114.58, மேல்நோக்கி முழுமையாக்கினால் 115. கொட்டேஷனில் இருந்த எண் அதுவே. 6000ஆல் வகுத்தால் 95.48. விமானச் சரக்கில் அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றுவார்கள், ஆகவே 95.5 கிலோ.

கூரியர் வீட்டு வாசல் வரை கொண்டுபோய்க் கொடுக்கும், சுங்க வேலையையும் பார்க்கும். அதற்கு 5000 கேட்டால் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. நாங்கள் கேட்டதோ கட்டுநாயக்கவிலிருந்து டொரன்டோ விமான நிலையம் வரை மட்டும். அங்கே சரக்கை விடுவிப்பது கடைக்காரரின் பொறுப்பு. ஆகவே "இது விமானச் சரக்கா, கூரியரா? வகுத்தி எத்தனை?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டோம். மறுப்பேதும் சொல்லாமல் 6000க்கு மாற்றித் தந்தார்கள். இரண்டு முகவர்களின் விலையை ஒப்பிடும்போதும் முதலில் இதையே பாருங்கள். 5000இல் 880 ரூபாய் என்பதும் 6000இல் 1,056 ரூபாய் என்பதும் பெரிய பெட்டிக்கு ஒரே தொகைதான்.

இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் எனக்குப் பிடிப்பதில்லை. எந்த எண்ணால் வகுக்கிறது என்பதை அவற்றில் பல வெளியே காட்டுவதில்லை. தொலைபேசியிலேயே ஒரு விரிதாள் திறந்து A2 முதல் C2 வரை அளவுகள், D2இல் பெட்டிகளின் எண்ணிக்கை, E2இல் எல்லாப் பெட்டிகளின் மொத்தத் தராசு நிறை என்று போட்டால் F2இல் இது போதும்:

```
=MAX(E2, CEILING(A2*B2*C2*D2/6000, 0.5))
```

3. விலைப் படி: இங்கேதான் நிதானமாக நில்லுங்கள்

திருத்திய கொட்டேஷன் வந்தது. 95.5 கிலோ, கிலோவுக்கு 1,000 ரூபாய், மொத்தம் 95,500. கிலோ குறைந்தது, விலை ஏன் கூடியது? விமானச் சரக்கின் கிலோ விலை படிப்படியாக இறங்கும். 45 கிலோவுக்குக் கீழே ஒரு விலை, 45 முதல் ஒன்று, 100 முதல் இன்னொன்று, அதற்கு மேல் 300, 500 என்று போகும். 115 கிலோவாக இருந்தபோது நாங்கள் நூறு கிலோப் படியில் நின்று 880 கொடுத்தோம். 95.5க்கு இறங்கியதும் 45 கிலோப் படிக்கு வந்துவிட்டோம், அதன் விலை 1,000.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 95.5 × 1,000 = 95,500. ஆனால் 100 × 880 = 88,000. இல்லாத நாலரைக் கிலோவுக்கும் சேர்த்துப் பணம் கட்டினால் 7,500 ரூபாய் மிச்சம்! இது தந்திரமோ சலுகையோ இல்லை. அடுத்த படியின் குறைந்தபட்ச நிறைக்குக் கட்டுவது மலிவாக இருந்தால் அப்படியே கணக்கிடுவது விமானச் சரக்கில் ஏற்கப்பட்ட முறை. சரக்கோடு போகும் விமானச் சரக்கு ஆவணமான ஏர்வே பில்லில் மொத்த நிறை 57 என்றும், கட்டணத்துக்குரிய நிறை 100 என்றும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுவார்கள். கேட்காவிட்டால் முகவர் தானாகச் சொல்வார் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

எந்த இடத்திலிருந்து இது இலாபம் என்று அறிய, 88,000ஐ 1,000ஆல் வகுங்கள்: 88. அதாவது 88 கிலோவிலிருந்து 100 கிலோ வரை என்ன அனுப்பினாலும் ஒரே கட்டணம். விரிதாளில் இப்படி:

```
=MIN(F2*1000, MAX(F2,100)*880)
```

நிறை 45 கிலோவுக்குக் கீழே இருந்தால் இந்தச் சூத்திரம் பொருந்தாது. அங்கே வேறு விலை, குறைந்தபட்சத் தொகை என்றெல்லாம் உண்டு.

இதைக் கண்டபின் அக்காவின் கவலை வேறு பக்கம் திரும்பியது. பெட்டியின் உயரத்தை 40க்கு வெட்டிக் குறைக்கலாமா என்று கேட்டார். அப்போது 87 கிலோ வரும், கட்டணம் 87,000. கூடைகளை நசுக்கிக் கிடைப்பது ஆயிரம் ரூபாய். மறுபக்கமாகப் பார்த்தால், 95.5க்கும் 100க்கும் இடையில் நாலரைக் கிலோ இடம் சும்மா கிடக்கிறது. அது 27,000 கன சென்டிமீட்டர், அதாவது எல்லாப் பக்கமும் 30 சென்டிமீட்டர் கொண்ட ஒரு பெட்டி. அதற்குள் 20 கிலோ பனங்கட்டி வைத்தாலும் தராசு நிறை 77தான் ஆகும். கட்டணத்துக்குரிய நிறை 100ஐத் தாண்டாது. விமானச் சரக்கில் ஒரே ஏர்வே பில்லில் போகும் பெட்டிகளின் மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடுவதால்தான் இது முடிகிறது. கூரியரில் பெரும்பாலும் பெட்டி பெட்டியாக ஒப்பிடுவார்கள், அங்கே இந்தக் கணக்கு செல்லாது. உணவுப் பொருள் என்பதால் கனடாவில் என்ன அனுமதி வேண்டும் என்பதைப் பெறுபவர் முதலில் விசாரிக்க வேண்டும். நாங்கள் பனங்கட்டியை விட்டுவிட்டுச் சிறு ஓலைப் பெட்டிகளை அனுப்பினோம்.

4. மேலதிகக் கட்டணம் எந்த நிறைக்கு?

எரிபொருளுக்கும் பாதுகாப்புக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று தனி வரிகள் வரும். இரண்டும் சேர்ந்து 180 ரூபாய் என்று வைத்தால், தராசு நிறையான 57க்கு 10,260. 100 கிலோவுக்கு 18,000. விமான நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். எந்த நிறையால் பெருக்கினார்கள் என்று கேளுங்கள். குறிப்பாக, கட்டணம் 100க்கு மாறியபின்னும் மேலதிகக் கட்டணம் பழைய 115இலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது: 20,700.

ஆவணக் கட்டணம், லொறிக் கட்டணம் போன்றவை கிலோவைச் சார்ந்தவை அல்ல. அவற்றைக் கூட்டிப் பார்த்தால் போதும்.

பின்சேர்க்கை: திருகோணமலையில் அளந்ததும் கட்டுநாயக்கவில் அளந்ததும்

"இங்கே அளந்த அளவு அங்கே கூடிவிட்டது" என்று கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். நடக்கும். ஹபரணை வழியாக லொறியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குலுங்கிப் போகும்போது பெட்டி இன்னும் புடைக்கும்; மாரியில் ஈரம் பட்டால் அட்டை தளர்ந்துவிடும். கொட்டேஷன் மதிப்பீடுதான், இறுதி பில் சரக்குக் கூடத்து அளவைப் பொறுத்தது.

எங்கள் ஐந்து பெட்டிகளும் உயரத்தில் 2 சென்டிமீட்டர் கூடியிருந்தால் 99.82, அதாவது 100 கிலோ. கட்டணம் மாறியிருக்காது. ஆனால் அந்த 30 சென்டிமீட்டர்ப் பெட்டியையும் சேர்த்தபின் அந்த ஐந்து பெட்டிகளும் அதே அளவு புடைத்தால் 104.5 கிலோ, 91,960 ரூபாய். ஆகவே சும்மா கிடக்கும் இடத்தை முழுவதும் நிரப்ப விரும்பினால் பெட்டிகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டி இறுக்குங்கள். அதற்கு மனமில்லாவிட்டால் சிறிய பெட்டியை இன்னும் சிறிதாக்குங்கள். அளவு நாடாவோடு ஒவ்வொரு பெட்டியையும் படமெடுத்து முகவருக்கு அனுப்பிவிட்டால், பின்னால் பில் கூடி வரும்போது எந்தப் பெட்டி எவ்வளவு கூடியது என்று கேட்க இடமிருக்கும்.

இன்னொரு பின்சேர்க்கை: அங்குலத்தில் அளப்பவர்களுக்கு

ஒருவர் அங்குலத்தில் அளந்து 6000ஆல் வகுத்து, ஒரு பெட்டிக்குக் கனவளவு நிறை ஒரு கிலோ சொச்சம்தான் என்று மகிழ்ந்திருக்கிறார். அங்குலத்தில் அளந்தால் 6000க்குப் பதில் 366, 5000க்குப் பதில் 305. எங்கள் பெட்டி ஏறக்குறைய 24.4 × 16.5 × 17.3 அங்குலம். பெருக்கி 366ஆல் வகுத்தால் 19 கிலோ, சென்டிமீட்டர்க் கணக்கிலும் 19.1. இரண்டும் இந்த அளவுக்கு ஒத்துவராவிட்டால் நாடாவை மறுபடி எடுங்கள்.