மாமரம் ஓராண்டு விட்டு ஓராண்டு காய்ப்பது ஏன்?

மாமரத்தில் பூங்கொத்து பெரும்பாலும் கிளை நுனியில்தான் வரும். அந்த நுனியும் சில மாதங்களுக்கு முன்பே துளிர்த்து, இலை கரும்பச்சையாகி முற்றியிருக்க வேண்டும். அல்போன்சா, பங்கனப்பள்ளி போன்ற இரகங்கள் ஓராண்டு நிறையக் காய்த்தால், சேமித்த மாவுச்சத்து காய்களுக்கே செலவாகி, அறுவடைக்குப் பின் புதுத் துளிர் விட மரத்துக்குத் தெம்பு இருப்பதில்லை. வளரும் விதைகளில் உருவாகும் ஜிப்ரலின் என்னும் ஊக்கியும் அடுத்த பூப்பைத் தடுக்கிறது. நீலம், பெங்களூரா இரகங்களில் இச்சிக்கல் குறைவு.

அறுவடை முடிந்ததும் கிளை நுனிகளைக் கிட்ட நின்று பாருங்கள். பழைய பூங்கொத்தின் காய்ந்த காம்பு அப்படியே நிற்க, அதனடியில் ஆகஸ்ட் கடைசியிலும் துளிர் இல்லையென்றால், அந்தக் கிளை வரும் தையில் பூப்பது அரிது. ஆகவே ஜூலையிலேயே காம்புகளையும் உள்ளடர்ந்த குச்சிகளையும் கவாத்து செய்து, தொழுவுரமும் தண்ணீரும் தாருங்கள். அக்டோபருக்குப் பின் தழைச்சத்து இட்டால் பூவுக்குப் பதில் கொழுந்தே கிளம்பும்.

காய்ப்பில்லாத ஆண்டில் மரத்தைப் பூக்க வைக்க, செப்டம்பர் முற்பகுதியில் பேக்லோபியூட்ரசால் மருந்தை வேரடி மண்ணில் ஊற்றுவதும் உண்டு. ஆனால் அது துளிரின் வளர்ச்சியை அடக்கும் மருந்து என்பதால், நலிந்த மரத்துக்கும் இளமரத்துக்கும் அதைத் தரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.