ஆசை போகவில்லை, வலிதான் தடுத்தது

மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு லெட்ரோசோல் மாத்திரை தொடங்கிய சில மாதங்களில், கணவர் அருகே வந்தாலே உடம்பு இறுகியது. பெண்மையே போய்விட்டது என்று அழுதேன். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "ஆசை எங்கேயும் போகலம்மா. இந்த மாத்திரையால ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் குறைஞ்சு பிறப்புறுப்பு வறண்டிருக்கு. வலிக்குப் பயந்துதான் உடம்பு இறுகுது" என்றார்.

ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல்லை 3 நாளுக்கு ஒருமுறை, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரவில் உள்ளே வைத்தேன். உறவின்போது தடவும் வழுக்கு ஜெல் வேறு. நான் முதலில் குழம்பியது அங்கேதான். ஹார்மோன் க்ரீமைப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஒரு மாதம் தொடுதல் மட்டும் போதும் என்று இருவரும் பேசிவைத்தோம். ஒருநாள் தழும்பின் மேல் அவர் உள்ளங்கையை வைத்தார், நான் விலக்கவில்லை. இரண்டரை மாதத்தில் எரிச்சல் அடங்கியது. அதன்பின் நானே அவரை அழைத்தேன்.