போட்டோவை வைத்துக் கூலிங் கிளாஸ் தேர்வு: சிரித்தால் கன்னத்தில் முட்டாத ஃபிரேம்

முதல் தவறு செல்ஃபி. கை நீட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, கன்னங்கள் ஒடுங்கி, முகம் உள்ளதைவிட நீளமாகத் தெரியும். போனை இன்னொருவரிடம் கொடுத்து, ஐந்தடி தள்ளி, உங்கள் கண் மட்டத்தில் பிடித்துப் பின்பக்கக் கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள். மதுரை மத்தியான வெயிலில் வேண்டாம். புருவ நிழல் கண்குழியை மூடிவிடும். காலை நேரத்துத் திண்ணை நிழல் போதும். முடியை முன்நெற்றியிலிருந்து ஒதுக்கிவிடுங்கள்.

அளவுக்கு ஏடிஎம் கார்டு உதவும். அதன் நீளம் 85.6 மி.மீ. தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கமாகத் தள்ளி, படுக்கைவாட்டில் நேராகப் பிடியுங்கள். எண்கள் தெரியாதபடி பின்பக்கத்தைக் காட்டி, சிவிவி எண்ணை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். கார்டு கேமராவை நோக்கி முன்னால் வந்தால் பெரிதாகத் தெரியும், கணக்கில் முகம் சிறுத்துப்போகும். சாதாரணமாக ஒரு படம், பல் தெரியச் சிரித்து ஒரு படம் எடுங்கள்.

இப்போது ஸ்கேலைத் திரையில் வையுங்கள். இரண்டு படத்தையும் ஒரே அளவில் வைத்து, இடையில் பெரிதாக்காமல் அளக்கவும். ஒரு முகத்தில் கார்டு 30 மி.மீ., கன்ன எலும்பின் அகலம் 48, முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை வரை 70 என்று வைத்துக்கொள்வோம். 85.6-ஐ 30-ஆல் வகுத்தால் சுமார் 2.85. ஆக அகலம் 137 மி.மீ., நீளம் 200 மி.மீ. நீளம் அகலத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதாவது நீள முகம்.

நீள முகத்துக்குப் பெரிய ஏவியேட்டர் என்று கடையில் எடுத்து நீட்டுவார்கள். அதற்கு முன் சிரித்த படத்தைப் பாருங்கள். புருவத்தின் மேல்விளிம்பிலிருந்து, சிரிக்கும்போது கன்னம் மேலெழும் இடம் வரை அளந்தால் இந்த முகத்தில் 14 மி.மீ.; நிஜத்தில் 40. ஃபிரேமுக்கு உள்ள இடம் அவ்வளவுதான். பெரிய ஏவியேட்டரின் கண்ணாடி உயரமே 50-ஐ நெருங்கும். கன்ன எலும்பு தூக்கலாக இருப்பவர் சிரித்ததும் ஃபிரேம் மேலே எகிறும்; வியர்வை விளிம்பில் தேங்கிக் கண்ணாடி அழுக்காகும்.

அதனால் இவருக்கு மூலை மழுங்கிய சதுரம், உயரம் 38 முதல் 40, மொத்த அகலம் 137-ஐ ஒட்டி. மேல்பட்டை கொஞ்சம் தடித்திருந்தால் முகத்தின் நீளம் நடுவில் வெட்டுப்படும்.

மேல்பட்டை புருவத்தோடு சாய வேண்டும். புருவம் நேராக ஓடினால் நேர்ப்பட்டை, வில்லாக வளைந்தால் மெல்ல வளைந்த பட்டை. பட்டை புருவத்துக்கு மேலே ஏறி நின்றால் திடுக்கிட்ட முகம்போல் தெரியும்.

டவுன்ஹால் ரோட்டில் கடை ஏறும்போது சின்ன ஸ்கேலையும் கொண்டு போங்கள். காதில் மாட்டும் காம்பின் உள்பக்கம் 52□18-140 என்றிருந்தால், ஒரு கண்ணாடியின் அகலம் 52, மூக்குப் பாலம் 18, காம்பு நீளம் 140. மொத்த அகலமும் உயரமும் பெரும்பாலும் அதில் இருக்காது, கீல் முதல் கீல் வரை நீங்கள்தான் அளக்க வேண்டும். போட்டுப் பார்க்கும்போது கடைக்காரர் முன்னால் வாய்விட்டுச் சிரியுங்கள். கண்ணாடி அசையாமல் நின்றால் சரியான அளவு.