"கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணும்" என்று எழுதிய பிறகு: அப்ரைசல் கமெண்டைத் திருத்தும் முறை

அரையாண்டு அப்ரைசலில் என் டீமின் 11 பேருக்கும் கமெண்ட் எழுதி அனுப்பியிருந்தேன். மறுநாள் ஒரு தம்பி நேரில் வந்து, "அண்ணா, கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணும்னு போட்டிருக்கீங்க. நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் தூத்துக்குடிக்காரர், தமிழ் மீடியம். அவர் பேசும் இங்கிலீஷில் ஊர்ச் சாயல் இருக்கும். ஐடியில் இதை 'எம்டிஐ' என்போம், அதாவது தாய்மொழித் தாக்கம். நான் குறை சொன்னது அந்தச் சாயலைத்தான், பெயரை மட்டும் மாற்றி.

எழுதியதைத் திரும்ப வாங்கித் திருத்தினேன். அதன் வழி இது.

1. எல்லாக் கமெண்டையும் ஒரே ஷீட்டில் போடுங்கள். ஒவ்வொன்றாகப் படித்தால் எல்லாமே நியாயமாகத்தான் தெரியும். A-யில் பெயர், B-யில் M அல்லது F, C-யில் கமெண்ட். அப்புறம் சந்தேகமான சொல்லை எண்ணுங்கள்:

```
=COUNTIFS(B:B,"F",C:C,"*aggressive*")
```

எனக்கு வந்த விடை 2. நான்கு பெண்களில் இருவர். F-ஐ M ஆக்கினால் பூஜ்யம், ஏழு ஆண்கள் இருந்தும். மொழியியல் படித்த கீரன் ஸ்னைடர் 2014-இல் 248 அப்ரைசல்களை அலசியபோது, பிறரை உரசுபவர் என்ற பொருளில் வரும் 'அப்ரேசிவ்' என்ற சொல் பெண்களுக்கு 17 முறை வந்திருந்தது, ஆண்களுக்கு ஒருமுறைகூட இல்லை. நான் ஒன்றும் விதிவிலக்கில்லை.

காசு கொடுத்து வாங்கும் சொல் சோதனைக் கருவிகள் எனக்குப் பிடிப்பதில்லை. 'அக்ரெசிவ்' அவற்றில் மாட்டும். "வீட்டுப் பொறுப்புகளுக்கு நடுவிலும் நேரத்துக்கு முடித்தார்" மாட்டாது, அது பாராட்டு மாதிரி இருப்பதால்.

2. ஆளை மாற்றிப் படியுங்கள். அந்த வீட்டுப் பொறுப்பு வரியில் டீமின் ஆண் ஒருவர் பெயரைப் போட்டு வாய்விட்டுப் படித்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

3. சொல்லை எடுத்தால் மட்டும் போதாது. நான் சறுக்கியது இங்கேதான். டெஸ்டர் ஒருவருக்கு எழுதிய "அக்ரெசிவ்" என்பதை அழித்தேன். மிச்சம் இருந்தது "நல்ல உழைப்பாளி" மட்டும். கமெண்ட் சாதுவானது, ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்?

அந்தச் சொல்லை எழுதும்போது என் மனதில் எந்த நாள் இருந்தது என்று யோசித்தேன். ரிலீஸுக்கு முந்தைய இரவு. பணம் இரண்டு முறை கழியும் ஒரு பிழை இருப்பதாகச் சொல்லி, அவர் சைன்-ஆஃப் தர மறுத்தார். டெவலப்பர் லீடிடம் முதலில் சொல்லாமல் பொது சாட்டில் எழுதிவிட்டார், லீடுக்கு முகம் சுருங்கியது. இதில் குறை எவ்வளவு, பாராட்டு எவ்வளவு? இப்படி மாற்றினேன்:

"ரிலீஸுக்கு முந்தைய இரவு இரட்டைப் பணக்கழிவுப் பிழையைக் கண்டுபிடித்து நிறுத்தினார். ரிலீஸ் ஒரு நாள் தள்ளியது, பிழை வாடிக்கையாளரிடம் போகவில்லை. இனி இப்படி வந்தால் பொது சாட்டில் போடும் முன் லீடுக்கு ஒரு போன் செய்யலாம்."

எப்போது, என்ன செய்தார், என்ன ஆனது, அடுத்து என்ன. நாலும் கிடைக்காவிட்டால் அந்தக் குறையை எழுதாதீர்கள்.

4. உச்சரிப்பையும் விளக்கத்தையும் பிரியுங்கள். நம் காதை நம்பவே முடியாது. லெவ்-ஆரி, கெய்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட சோதனையில், "ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தண்ணீர் இல்லாமல் இருக்கும்" போன்ற வாக்கியங்களை வேற்றுமொழிச் சாயலில் கேட்டவர்கள் குறைவாகவே நம்பினார்கள். பேசியவர் பிறர் எழுதியதைத்தான் வாசித்தார் என்று முன்பே சொல்லியும்!

எனவே தூத்துக்குடித் தம்பியின் கிளையன்ட் கால் பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். "புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று வந்தது ஒரே இடத்தில், அதுவும் லைன் கரகரத்தபோது. ஆனால் இன்னொன்று கிடைத்தது. தாமதத்துக்கான காரணத்தை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, புதிய தேதியைக் கடைசியில்தான் சொல்கிறார். அதற்குள் கிளையன்ட் மூன்று முறை "எப்போது முடியும்?" என்று கேட்டாயிற்று. புதிய கமெண்ட்: "ஜூலை காலில் தேதி கடைசியில் வந்ததால் கிளையன்ட் மூன்று முறை கேட்க நேர்ந்தது. முதல் வாக்கியத்திலேயே தேதியைச் சொல்லிவிட்டு, காரணத்துக்குப் போகலாம்."

இதைப் படித்துவிட்டு அவர் "இது பண்ணலாம்ணா" என்றார்.

பின்சேர்க்கை: "நாங்கள் கால் சென்டர், உச்சரிப்பே எங்கள் வேலைதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேட்பவருக்குப் புரிவதுதான் அங்கே வேலை, அதை அளக்க முடியும். ஆளுக்கு 20 கால் எடுத்து, வாடிக்கையாளர் எத்தனை முறை திரும்பக் கேட்டார் என்று எண்ணுங்கள். கான்வென்ட் இங்கிலீஷ் பேசுபவருக்கும் அதே 20. இன்னொரு வாசகி, தமிழில் 'அவர்' என்று வரைவு எழுதினால் ஆணா பெண்ணா என்பதே வராதே என்றார். படிக்கும் எச்ஆருக்கு அது உதவும். எழுதும் எனக்குத்தான் அவர் யாரென்று தெரியுமே, அதனால் ஷீட்டை நான் விடவில்லை.