சிறுபான்மையினர் பங்கு: விற்றது யார் என்று பார்க்காமல் போடும் கணக்கு

துணை நிறுவனத்தில் 80% பங்கு தாய் நிறுவனத்திடம், மீதி 20% வெளியாரிடம், அதாவது சிறுபான்மையினரிடம். இந்த அமைப்பில் இரண்டையும் ஒரே குழுமமாகக் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கு தயாரிக்கும் புதியவர்களின் தாள்களைப் பார்க்கும்போது ஒரே தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

குழுமத்துக்குள் நடந்த விற்பனையின் லாபம்

துணை நிறுவனம் 300 அடக்கவிலையுள்ள சரக்கைத் தாய் நிறுவனத்துக்கு 400க்கு விற்றது. ஆண்டு முடிவில் பாதிச் சரக்கு தாய் நிறுவனத்தின் கிடங்கிலேயே இருக்கிறது. அதில் அடங்கிய 50 லாபத்தைக் குழுமம் இன்னும் சம்பாதிக்கவில்லை. சரக்கிருப்பிலிருந்து அந்த 50-ஐ முழுவதும் கழிக்க வேண்டும். "நம் பங்கு 80% தானே" என்று 40 மட்டும் கழித்த தாள்களும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அது தெளிவான பிழை. ஒருங்கிணைந்த கணக்குக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 10 முழு நீக்கத்தையே கேட்கிறது.

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது அடுத்த படி. 50-ஐச் சரியாகக் கழித்துவிட்டு, அதன் சுமை முழுவதையும் தாய் நிறுவனத்தின் தலையில் கட்டிவிடுவார்கள். லாபம் பதிவானது துணை நிறுவனத்தின் ஏட்டில் அல்லவா? கழிவிலும் வெளியாருக்குப் பங்கு உண்டு என்பதே பரவலான நடைமுறை.

துணை நிறுவனத்தின் ஆண்டு லாபம் 1,000, தாய் நிறுவனத்தின் சொந்த லாபம் 3,000 என்று வைத்துக்கொள்வோம், வரியை விட்டுவிடுவோம். குழும லாபம் 3,950. சிறுபான்மையினருக்கு 950-இல் 20%, அதாவது 190. தாய் நிறுவனத்துக்கு 3,760. புதியவர் எழுதுவது 200, 3,750. மொத்தம் மாறாததால் கூட்டிச் சரிபார்த்தாலும் பிழை தெரியாது.

அடுத்த ஆண்டு அந்தச் சரக்கு வெளியே விற்றுவிட்டால் 50 லாபம் உறுதியாகிறது. துணை நிறுவனத்தின் அந்த ஆண்டு லாபம் 1,200 என்றால் 1,250-இல் 20%, அதாவது 250 சிறுபான்மையினருக்குச் சேரும். ஒருமுறை ஒரு தாளில் முதல் ஆண்டு சரியாக இருந்தது. இரண்டாம் ஆண்டில் 240 என்று எழுதியிருந்தார்கள். தொடக்கச் சரக்கின் லாபத்தைத் திருப்பிச் சேர்க்க யாருக்கும் நினைவில்லை.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சிறுபான்மையினர் பங்கை நிகரச் சொத்தின் விகிதப்படி அளந்திருந்தால், ஆண்டு முடிவில் துணை நிறுவனத்தின் நிகரச் சொத்திலிருந்து, கிடங்கில் தேங்கிய லாபத்தைக் கழித்து, 20% எடுங்கள். சிறுபான்மையினர் இருப்பு அதோடு ஒத்துப்போக வேண்டும். வாங்கிய நாளில் சொத்துகளைச் சந்தை மதிப்புக்கு மாற்றியிருந்தால், அந்த வித்தியாசத்தில் மிஞ்சியிருப்பதையும் முதலில் நிகரச் சொத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாய் நிறுவனம் விற்றால்?

சிறுபான்மையினரைத் தொடாதீர்கள். 50-உம் தாய் நிறுவனத்தின் பங்கிலேயே கழியும்.

நஷ்டம் வந்தால் பூஜ்ஜியத்தில் நிறுத்துவது

வேண்டாம். ஐஎஃப்ஆர்எஸ் 10-இன்படி சிறுபான்மையினர் இருப்பு எதிர்மறையாகவும் போகலாம்.