ஒல்லித் தூண் நசுங்காது, வளையும்: கணக்கில் செய்யக்கூடாத தவறுகள்

குடோனுக்குள் பரண் போடுகிறார்கள். 6 மீட்டருக்கு 4 மீட்டர், மூலைக்கொன்றாக நான்கு இரும்புக் குழாய்த் தூண்கள். தூணின் உயரம் 3.5 மீட்டர், குழாயின் வெளிவிட்டம் 60.3 மி.மீ., தடிப்பு 3.6 மி.மீ. மேலே 25 கிலோ மூட்டை 480 ஏறும். மொத்தம் 12 டன், தூணுக்கு 3 டன். இந்தக் கணக்கில் புதிதாக வருபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்ப்போம்.

பரப்பளவை மட்டும் பார்ப்பது

குழாயின் இரும்புப் பரப்பு சுமார் 641 ச.மி.மீ. எஃகு ஒரு ச.மி.மீ.க்கு 240 நியூட்டனில் இளகும் என்று வைத்துப் பெருக்கினால் 154 கிலோநியூட்டன், அதாவது 15 டன்னுக்கு மேல். "தேவை 3 டன்தானே, ஐந்து மடங்கு இருக்கிறதே" என்று இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் எந்தத் தூணும் முழு நேராக இருக்காது. நடுவில் 3 மி.மீ. வளைவு இருந்தால், சுமை அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு மேலும் வளைக்கப் பார்க்கும். வளைவு கூடினால் வளைக்கும் விசையும் கூடும். தூணின் விறைப்பு அதை எதிர்த்து நிமிர்த்தப் பார்க்கும். ஒரு குறிப்பிட்ட சுமையில் விறைப்பு தோற்றுவிடும். அந்தச் சுமையை 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கணக்கிட்டார்:

```
P = π² E I / (K L)²
```

இதில் எஃகின் வலிமை எங்குமே இல்லை. விறைப்பும் (E, I) நீளமும்தான் இருக்கின்றன. E என்பது எஃகின் விறைப்பு, I என்பது குழாயின் குறுக்குவெட்டு வடிவம் தரும் விறைப்பு, L தூணின் நீளம், K முனைகள் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்த எண். இரு முனையும் நகராமல், ஆனால் திரும்பும்படி இருந்தால் K = 1. நம் குழாய்க்கு அப்போது வருவது 41.7 கிலோநியூட்டன், அதாவது சுமார் 4.25 டன். 15 டன் என்று நினைத்தது இவ்வளவுதான்.

உயர்ரக எஃகு வாங்கித் தப்பிப்பது

E மாறாது. பணம்தான் போகும்.

"மேலே பீம் இருக்கே, அது பிடித்துக்கொள்ளும்"

இதுதான் பெரிய தவறு. இன்றும் வரைபடங்களில் இதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. நான்கு தூண்களின் தலையையும் பீம் இணைத்துவிட்டதால் தலை நகராது என்று முடிவுகட்டி K = 1 போட்டுவிடுகிறார்கள். பீம் ஒரு தூணை இன்னொரு தூணோடு கட்டுகிறது, அவ்வளவுதான். நான்கும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் பீமும் கூடவே போகும். தலையைத் தரையோடோ சுவரோடோ கட்டும் பொருள் எதுவும் அங்கே இல்லை.

இப்படித் தலை பக்கவாட்டில் நகரும்போது, அடி இறுகியிருந்து மேல் இணைப்பு தளர்வாக இருந்தால் K = 2. நீளம் இருமடங்கானதற்குச் சமம். அது வர்க்கமாகப் போவதால் தாங்குதிறன் கால்வாசி: 10.4 கிலோநியூட்டன், ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஏறப்போவதோ 3 டன்!

அடியும் உண்மையில் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். 6 மி.மீ. பேஸ் பிளேட்டில் ஒரே வரிசையில் இரண்டு ஆங்கர் போல்ட் போட்டால் பிளேட்டே வளைந்துகொடுக்கும். அதைக் கீல் என்றுதான் கொள்ள வேண்டும். அடியும் கீல், மேல் இணைப்பும் கீல் என்றால் சட்டம் தானாக நிற்கவே நிற்காது. அடி கீலாக இருந்து, விறைப்பான பீமோடு தலையை நன்றாக வெல்டு செய்தால் K = 2-க்குப் பக்கத்தில் வரும். பீம் மெலிந்தால் அதைவிட மோசம்.

தளத்தில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மூட்டை ஏற்றும் முன் பீம் மட்டத்தில் ஓர் ஆள் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கட்டும். பரண் கண்ணுக்குத் தெரிய ஆடினால், பக்கவாட்டு நகர்வைத் தடுக்கும் பிரேசிங் இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் சோதிக்க வேண்டாம். ஆனால் ஆடவில்லை என்பதால் பாதுகாப்பு என்று ஆகிவிடாது.

தீர்வு பெரிய செலவில்லை. நான்கு பக்கச் சட்டங்களிலும் குறுக்குக் கம்பியை எக்ஸ் வடிவில் கொடுங்கள், அல்லது பரணைக் கட்டடத்தின் கான்கிரீட் பீமோடு இறுக்கிக் கட்டுங்கள். ஒரு திசையில் மட்டும் கொடுத்தால் மறு திசையில் சாயும்.

பிரேசிங் கொடுத்தபின்னும் 4.25 டன் என்பது கோட்பாட்டு உச்சவரம்புதான். வளைவையும் பாதுகாப்புக் காரணியையும் சேர்த்தால் 3 டன்னுக்கு இந்தக் குழாய் போதாது. வெளிவிட்டம் 88.9, தடிப்பு 4 மி.மீ. குழாய்க்குப் போங்கள். எடை 1.66 மடங்குதான் கூடும், I 3.7 மடங்கு கூடுகிறது, ஏனென்றால் இரும்பு மையத்திலிருந்து தள்ளிப் போகிறது. உச்சவரம்பு 155 கிலோநியூட்டன் ஆகும். ஆனால் பிரேசிங் இல்லாமல் இதே பெரிய குழாயும் 39-க்கு இறங்கிவிடும். குழாயை மட்டும் பெரிதாக்கிப் பிரேசிங்கை விட்டுவிடுவது தீர்வாகாது.

0.5 என்று எழுதிவிடுவது

இரு முனையும் முழுக்க இறுகினால் K = 0.5 என்பது புத்தகக் கணக்கு. முழு இறுக்கம் யாருக்கும் கிடைப்பதில்லை என்பதால் எஃகுக் கட்டுமானத்துக்கான இந்திய விதிநூல் IS 800:2007 அங்கே 0.65 என்கிறது. நம் சிறு குழாய்க்கு 0.5 போட்டால் 167 கிலோநியூட்டன் வருகிறது, குழாய் 154-லேயே இளகிவிடும். சூத்திரம் நீளத் தூணுக்கு மட்டுமே. I-ஐப் பரப்பளவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது r. இந்த எஃகில் KL-ஐ r-ஆல் வகுத்தது 91-க்குக் கீழே போனால் ஆய்லர் விடை இளகும் சுமையையே தாண்டிவிடும். அதற்குச் சற்று மேலேகூட அதை அப்படியே நம்ப முடியாது.

பலமான அச்சைப் பார்ப்பது

ஐ பீமைத் தூணாக நிறுத்தினால் குறைந்த I உள்ள பக்கமாகத்தான் வளையும். ISMB 200-இல் ஓர் அச்சில் 2235, மறு அச்சில் 150 செ.மீ.⁴. கணக்கில் 150-ஐப் போடுங்கள்.