சால்வைக்குள் ஒரு குட்டி முகம்
படம் வரையும் ஏஐ ஸ்டேபிள் டிஃப்யூஷனில் வந்த ஒரு கிழவியின் படம். பார்வை அபாரம், சால்வை மட்டும் சொதப்பல். வேரியேஷன் எடுத்தால் பார்வையும் சேர்ந்து மாறியது. அதனால் சால்வையை மட்டும் மாஸ்க் போட்டு இன்பெயிண்ட் செய்தேன், அதாவது அந்த இடத்தை மட்டும் மறுபடி வரையவைத்தேன்.

அப்புறம் நான்கு மடங்கு பெரிதாக்கினால், சால்வை மடிப்பில் இன்னொரு குட்டி முகம்! துண்டு துண்டாகப் பெரிதாக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் நான் எழுதிக் கொடுத்த முழு பிராம்ப்ட்டும் போகிறது. துணி மட்டுமே உள்ள துண்டும் கிழவியை வரையப் பார்க்கிறது. பிராம்ப்ட்டில் துணி, தோல், வெளிச்சம் என்று மட்டும் விட்டு, இருக்கும் படத்தை எவ்வளவு மாற்றி வரையலாம் என்று சொல்லும் டினாய்சிங் அளவை 0.5-இலிருந்து 0.25-க்குக் குறைத்ததும் முகம் மறைந்தது.

கண்ணின் ஒளிப்புள்ளி மட்டும் சற்று நகர்ந்திருந்தது. பெரிதாக்குவதற்கு முந்தைய படத்தை அதே அளவுக்குச் சாதாரணமாக நீட்டி மேல் லேயராக வைத்து, கண்ணை மட்டும் மென்மையான விளிம்புள்ள மாஸ்க்கில் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் மங்கல்தான், பரவாயில்லை. அந்த லேயரை அணைத்து அணைத்துப் போட்டால் வேறெது நகர்ந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.